பேட்டரி போனால் பாலிசி எவ்வளவு தரும்?

பெட்ரோல் ஸ்கூட்டரில் பேட்டரி கெட்டால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் புதிது மாற்றிக்கொள்ளலாம். மின்சார ஸ்கூட்டரில் பேட்டரி மாற்ற ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ஆகும். காரென்றால் பல லட்சம். வண்டிக்குக் கொடுத்த விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சில வண்டிகளில் அதற்கும் மேல், அந்த ஒரு பாகத்துக்கே போகிறது.

ஆனால் நம் நாட்டு வண்டிக் காப்பீட்டுப் பத்திரங்களின் அடிப்படை வாசகம் 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளிலிருந்து வந்தது. அப்போது மின்சார ஸ்கூட்டர் தெருவில் இல்லை. டயர், டியூப், பிளாஸ்டிக், பேட்டரி எல்லாம் தேய்ந்துபோகும் சில்லறைப் பொருட்கள் என்று ஒரே வரிசையில் வைத்து, அவற்றின் விலையில் பாதியைத்தான் தருவோம் என்று எழுதினார்கள். அன்றைக்கு அது நியாயம்தான். மின்சார வண்டியிலும் அதே வரி அப்படியே வந்து நிற்கும்போதுதான் உரிமையாளருக்கு அடி விழுகிறது.

சட்டம் கேட்பது இரண்டுக்கும் ஒன்று

முதலில் வேறுபாடு இல்லாத இடத்தைப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம். உங்கள் வண்டி மோதி அடுத்தவருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான இழப்பீடு இது. பெட்ரோலா, மின்சாரமா என்ற பேதம் இதில் கிடையாது.

பிரீமியத்தில் மட்டும் மின்சார வண்டிக்கு 15 சதவீதச் சலுகை உண்டு. மத்திய அரசு 2022 ஜூன் 1 முதல் கொண்டுவந்த கட்டணத்தில், 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். மின்சார வண்டிக்கு சி.சி. கிடையாது என்பதால் மோட்டாரின் கிலோவாட் திறனை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 3 முதல் 7 கிலோவாட் வரையுள்ள ஸ்கூட்டருக்கு 607 ரூபாய். காரில் 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய் என்றால், 30 முதல் 65 கிலோவாட் வரையுள்ள மின்சாரக் காருக்கு 2,904 ரூபாய்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால், 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டுக்கும், புதிய காருக்கு 3 ஆண்டுக்கும் தேர்ட் பார்ட்டி காப்பீட்டை மொத்தமாக எடுத்தாக வேண்டும். ஷோரூமில் தரும் தாளில் 5 ஆண்டு என்று பார்த்ததும், வண்டிக்கே 5 ஆண்டு காப்பீடு இருப்பதாக மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும்தான். உங்கள் வண்டிக்கும் அதன் பேட்டரிக்கும் பணம் தரும் ஓன் டேமேஜ் பகுதி முதல் ஆண்டோடு முடிந்துவிடும். இரண்டாம் ஆண்டு அதைப் புதுப்பிக்காமல் விட்டால், போலீஸ் பிடிக்காது. சட்டப்படி குற்றமும் இல்லை. ஆனால் அறுபதாயிரம் ரூபாய் பேட்டரிக்கு அன்றிலிருந்து காவல் இல்லை.

மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், 250 வாட்டுக்குக் குறைந்த திறனுள்ள சிறு ஸ்கூட்டர்களின் கதை வேறு. அவற்றை விதிகள் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. பதிவும் வேண்டாம், கட்டாயக் காப்பீடும் வேண்டாம். அதில் போய் ஒருவரை இடித்துவிட்டால் மருத்துவச் செலவு ஓட்டியவர் பையிலிருந்துதான் போக வேண்டும்.

ஒரு விபத்து, ஒரு கணக்கு

இனி ஓன் டேமேஜ் பகுதிக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஷோரூம் விலை 1,30,000 ரூபாய் உள்ள ஒரு மின்சார ஸ்கூட்டர். வாங்கி 14 மாதம் ஆகிறது. ஓர் ஆண்டு கடந்து இரண்டு ஆண்டுக்குள் உள்ள வண்டிக்கு 20 சதவீதம் கழித்து அதன் மதிப்பை நிர்ணயிப்பார்கள். ஐ.டி.வி. என்று பாலிசியில் அச்சிட்டிருப்பது இந்த மதிப்பைத்தான். இந்த வண்டிக்கு அது 1,04,000 ரூபாய்.

மழை இரவில் வண்டி சறுக்கி, சாலை நடுவிலுள்ள தடுப்புக் கல்லில் அடிப்பாகம் பலமாக மோதுகிறது. பேட்டரிப் பெட்டியின் உறை விரிசல் விடுகிறது. பல தயாரிப்பாளர்கள் விரிசல் விட்ட பெட்டியைப் பிரித்துச் சரிசெய்ய அனுமதிப்பதில்லை. முழுதாக மாற்றத்தான் சொல்வார்கள். பேட்டரி 60,000, பிளாஸ்டிக் பாகங்கள் 6,000, உலோகப் பாகங்கள் 4,000, கூலி 2,000 என்று மொத்தம் 72,000 ரூபாய்க்கு பில் வருகிறது. வரியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவோம்.

சாதாரண பாலிசியில் பேட்டரிக்குத் தேய்மானம் 50 சதவீதம். ஆக 30,000 கிடைக்கும். பிளாஸ்டிக்குக்கும் பாதி, 3,000. உலோகத்துக்கு இந்த வயதில் 10 சதவீதம் கழித்து 3,600. கூலியில் கழிவில்லை. கூட்டினால் 38,600. இருசக்கர வண்டிக்குக் கட்டாயமாகக் கழிக்கும் 100 ரூபாய் போக, கைக்கு வருவது 38,500. மீதி 33,500 ரூபாயை உரிமையாளர் கட்ட வேண்டும்.

இதே விபத்து பெட்ரோல் ஸ்கூட்டருக்கு நேர்ந்தால் அடிபடுவது பெரும்பாலும் உலோகமும் பிளாஸ்டிக்கும்தான். பாதி விலை கழியும் பொருள் எதுவும் அங்கே பில்லின் பெரும்பகுதியாக இருக்காது. மின்சார ஸ்கூட்டரில் பில்லின் பெரும்பகுதியே பாதி விலை கழியும் பொருள். வேறுபாடு முழுக்க இந்த ஓர் இடத்தில் இருக்கிறது.

இதற்கு மருந்து, தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பு. பம்பர் டு பம்பர் என்றும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. சில நிறுவனங்களின் ஜீரோ டெப் வாசகத்தில், டயரும் பேட்டரியும் நீங்கலாக என்று ஒரு வரி இருக்கும். பெட்ரோல் கார்க்காரருக்கு அந்த வரியால் சில ஆயிரம்தான் நஷ்டம். மேலே சொன்ன ஸ்கூட்டர்காரருக்கோ 30,000 ரூபாய். மின்சார வண்டிக்கென்று தனியாக விற்கும் பேட்டரி காப்பு எடுத்தாலும் சரி, ஜீரோ டெப் எடுத்தாலும் சரி, வண்டியை ஓட்டும் பேட்டரிக்குத் தேய்மானம் எவ்வளவு கழிப்பீர்கள் என்ற ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. பழுதுபார்க்கும் செலவு, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழுச் சேதம் என்று கருதப்படும். நம் ஸ்கூட்டருக்கு அந்த எல்லை 78,000 ரூபாய். பில் 72,000-ஐத் தொட்டுவிட்டது. பேட்டரி ஒன்று போனாலே மின்சார வண்டி முழுச் சேதத்தின் வாசலுக்கு வந்துவிடும். பிரீமியம் குறைய வேண்டுமென்று ஐ.டி.வி.யைக் குறைத்து எழுதச் சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். முழுச் சேதமானால் கிடைப்பது அந்த எண்தான். அதைக் கொண்டு அதே போன்ற வண்டி வாங்க முடியாது.

வாரன்டி எங்கே முடிகிறது

பேட்டரிக்கு 8 வருடம் வாரன்டி இருக்கிறதே, காப்பீடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலாகத் தரப்படும் வாரன்டி. அது தயாரிப்புக் குறைக்கானது. செல் ஒன்று தானாகச் செத்தால், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொள்ளளவு இறங்கினால், தயாரிப்பாளர் பொறுப்பு. கல்லில் மோதி உடைந்தாலும் வெள்ளத்தில் மூழ்கினாலும் அவர் கையை விரித்துவிடுவார்.

காப்பீடு இதற்கு நேர் எதிர். விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், இடி மின்னல் போன்ற வெளிக் காரணங்களுக்குப் பணம் தரும். தேய்மானம், இயந்திரக் கோளாறு, மின் கோளாறு மூன்றையும் பாலிசி வெளிப்படையாக விலக்குகிறது. காலையில் வண்டி கிளம்பவில்லை, பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகை பழுது என்றால் அது மின் கோளாறு. காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டுப் பயனில்லை, வாரன்டிதான் வழி. வாரன்டி முடிந்த பழைய வண்டியென்றால் இரண்டுமே இல்லை.

தண்ணீர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது தெருவிலும் அடித்தள பார்க்கிங்கிலும் நின்ற வண்டிகள் மூழ்கின. வெள்ளம் பாலிசியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட இடர். நின்ற வண்டி மூழ்கினால், பெட்ரோலோ மின்சாரமோ, ஓன் டேமேஜ் இருந்தால் கேட்கலாம்.

சிக்கல் அதற்கு அடுத்த நாள் வரும். தண்ணீர் புகுந்த பெட்ரோல் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் உள்ளே உடையும். அது வெள்ளத்தால் நேர்ந்த சேதமல்ல, அதன் பிறகு நீங்கள் செய்த செயலால் நேர்ந்தது என்று சொல்லி மறுப்பார்கள். அதற்காகத்தான் எஞ்சின் காப்பு என்று ஒன்றை விற்கிறார்கள். மின்சார வண்டியில் எஞ்சினுக்குப் பதில் பேட்டரியும் மோட்டாரும். பேட்டரிப் பெட்டியில் ஐ.பி. 67 என்று குறித்திருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்று ஆய்வகத்தில் சோதித்ததற்கான குறியீடு அது. ஓர் இரவு முழுக்கச் சாக்கடை கலந்த நீரில் நிற்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

ஆகவே மூழ்கிய மின்சார வண்டியை ஓடுகிறதா பார்க்கலாம் என்று ஆன் செய்யக் கூடாது; சார்ஜில் போடவே கூடாது. உள்ளே புகுந்த ஈரம் சில நாள் கழித்துக்கூட ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வைக்கலாம். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, வேறொரு வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதே முறை. தண்ணீர் புகுந்ததால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் வரும் பின்விளைவுச் சேதத்தைச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் காப்பு, கடலோர ஊர்க்காரர்களுக்கும் அடித்தளத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்கும் வீண் செலவு அல்ல.

சார்ஜர் யாருடையது

வண்டியோடு வரும் சார்ஜர் வண்டியின் துணைப்பொருள். இருசக்கர வண்டி பாலிசியின் வழக்கமான வாசகத்தில் ஒரு நிபந்தனை உண்டு: துணைப்பொருள் மட்டும் திருடு போனால் பணம் இல்லை, வண்டியும் சேர்ந்து போனால்தான் உண்டு. சார்ஜரை மட்டும் யாரோ கழற்றிக்கொண்டு போனால் அது உங்கள் நஷ்டம். கழற்றி மாடிக்கு எடுத்துப் போகும் பேட்டரி உள்ள வண்டிகளில் இதே கேள்வி பெரிதாகிறது. பேட்டரி வண்டியின் பாகமா, துணைப்பொருளா என்று திருட்டுக்குப் பிறகு வாதாடுவதைவிட, கழற்றிய நிலையில் திருடு போனாலும் பணம் உண்டு என்று தெளிவாகச் சொல்லும் காப்பைத் தேடுவது நல்லது.

காருக்கு வீட்டுச் சுவரில் பொருத்தும் சார்ஜர் வண்டியோடு நகர்வதில்லை. எனவே சாதாரண வண்டி பாலிசி அதைத் தொடாது. வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால், வீட்டில் பற்றிய தீயில் அந்தச் சார்ஜர் எரிந்ததற்குக் கேட்கலாம். ஆனால் மின்னழுத்தம் எகிறி அந்தச் சார்ஜர் மட்டும் கருகினால், மின் கருவி தனக்குத் தானே கருகுவதை வீட்டுக் காப்பீடுகள் பொதுவாக விலக்கிவிடுகின்றன. வண்டி பாலிசியோடு சேர்த்து வாங்கும் சார்ஜர் காப்பு இந்த இடைவெளியை அடைக்கத்தான். அதிலும், சுவர் சார்ஜர் சேர்கிறதா, மின்னழுத்த ஏற்ற இறக்கம் சேர்கிறதா என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

தீ

2022 மார்ச் மாதம் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இப்படித் தீ விபத்துகள் நடந்தன. அதன் பிறகே மத்திய அரசு, இருசக்கர மின்வண்டிப் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதியை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு செல் சூடேறி அடுத்த செல்லுக்குத் தீ பரவுவதைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

காப்பீட்டில் தீ எப்படி வருகிறது? நல்ல செய்தி முதலில். ஓன் டேமேஜ் பகுதியில் தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல் மூன்றும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. நிறுத்தி வைத்த வண்டி தானாக எரிந்தது என்பதற்காக மட்டும் கிளெய்மை மறுக்க முடியாது. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

மறுப்பு எங்கிருந்து வரும் என்றால், வண்டியில் செய்த மாற்றங்களிலிருந்து. தயாரிப்பாளர் தராத சார்ஜர், உள்ளூரில் கோத்துக் கொடுத்த பேட்டரி, கூடுதல் ஓட்டத்துக்காக இணைத்த இரண்டாவது பேட்டரி, வெட்டி ஒட்டிய வயரிங் ஆகியவை சர்வேயர் தேடும் தடயங்கள். காப்பீடு எடுத்தபோது இருந்த வண்டி இதுவல்ல என்று நிறுவனம் சொல்லத் தயங்காது. பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று வெளியில் பேட்டரி மாற்றினால், வாரன்டியும் பாலிசியும் சேர்ந்தே கைவிடக்கூடும்.

பலரும் அறியாதது அடுத்த விஷயம்தான். வண்டி எரிந்தால் வண்டிக்குப் பணம் வரும். வண்டியிலிருந்து பரவி வீடு எரிந்தால்? தேர்ட் பார்ட்டி பகுதி அடுத்தவர் சொத்துக்குத்தான். காருக்கு 7.5 லட்சம், இருசக்கர வண்டிக்கு 1 லட்சம் என்பது அதன் வழக்கமான வரம்பு. உங்களுக்குச் சொந்தமான சொத்தும், உங்கள் பொறுப்பில் உள்ள சொத்தும் அதில் விலக்கப்பட்டுள்ளன. சொந்த வீடும் வராது. குடியிருக்கும் வாடகை வீட்டுக்கும் அது கைகொடுக்காது. அடுக்குமாடி பார்க்கிங்கில் பக்கத்து வண்டி எரிந்தால் அது அடுத்தவர் சொத்துதான். ஆனால் அந்த இடம் பொது இடமா, சார்ஜில் நின்ற வண்டி பயன்பாட்டில் இருந்ததா என்ற கேள்விகள் எழுந்து, நீதிமன்றம் வரை போகக்கூடும்.

உயிருக்கும் இதே நிலை. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியோடு நேரடித் தொடர்புள்ள விபத்தையும், ஓட்டும்போது, ஏறும்போது, இறங்கும்போது நேரும் விபத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தூக்கத்தில் புகை சூழ்ந்து இறப்பது அதற்குள் அடங்கும் என்று நம்பியிருக்க முடியாது. குடும்பத்தாருக்கு அது கிடையவே கிடையாது.

பெட்ரோல் வண்டியை யாரும் இரவெல்லாம் வீட்டுக்குள் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்க விடுவதில்லை. மின்சார வண்டியை விடுகிறோம். அதனால் மின்சார வண்டி வைத்திருப்பவருக்கு வண்டி பாலிசி மட்டும் போதாது. வீட்டுக்குத் தீக் காப்பீடும், குடும்பத்துக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடும் சேர்ந்தால்தான் வட்டம் முழுமையாகும். பாரத் கிருஹ ரக்ஷா என்ற பெயரில் 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை விற்கின்றன. தீ அதன் அடிப்படை இடர். பேட்டரியின் தயாரிப்புக் குறையால் தீ வந்தது என்று காட்ட முடிந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரிப்பாளர் மீது இழப்பீட்டு வழக்கும் தொடுக்கலாம்.

கிளெய்ம் வந்தால்

தீயோ விபத்தோ, உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தீயென்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கையும் காவல் நிலையப் பதிவும் வேண்டும். எரிந்த பேட்டரியையும் சார்ஜரையும் சர்வேயர் பார்க்கும் வரை பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். ஆனால் வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி அணைந்த பிறகும் மீண்டும் பற்றக்கூடியது. பேட்டரியின் வெப்பம், மின்னழுத்தம் போன்றவற்றை பி.எம்.எஸ். பதிவு செய்துவைக்கும். அந்தப் பதிவு தயாரிப்பாளரிடம் இருக்கும். அதை எழுதிக் கேட்டு வாங்குங்கள். மாற்றத்தான் வேண்டும் என்று சர்வீஸ் சென்டர் சொன்னால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்று சர்வேயர் சொல்லும்போது பதில் சொல்ல அந்தத் தாள்தான் உதவும்.

நிறுவனம் மறுத்தால், அல்லது குறைத்துத் தந்தால், சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் ஓர் ஆண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

மாதத் தவணைக்கு பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டங்களும் இப்போது வந்துவிட்டன. அப்படி வாங்குபவர்கள், ஐ.டி.வி.யில் பேட்டரியின் மதிப்பு சேர்ந்திருக்கிறதா, பேட்டரி சேதமானால் அதன் விலையை யார் ஏற்பது என்பதை வாடகை ஒப்பந்தத்திலும் பாலிசியிலும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது பிரீமியத் தொகையைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். ஓன் டேமேஜ் இன்னும் உயிரோடு இருக்கிறதா? பேட்டரிக்கு எத்தனை சதவீதம் தேய்மானம் கழிப்பீர்கள்? தண்ணீர் புகுந்தால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் பணம் உண்டா? சார்ஜர் சேர்ந்ததா? பதில் எழுத்தில் வராத பாலிசியைப் பிரீமியம் குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.